குதிரையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. மதுரைக்குச் சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். உன் வீட்டில் உட்கார்ந்து அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தோமே, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை ஆசையாக வாங்கிய டிவி, எடுத்ததும் குறை சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்த கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

தங்கக் குதிரையைச் சுற்றிச் சுண்ணாம்பு இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஓடியதைக் கவனித்தாயா? அது கேமரா பிடித்ததல்ல, டிவியின் ஷார்ப்னெஸ் செட்டிங் வரைந்தது. அதை எவ்வளவு ஏற்றினாலும் படத்தில் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஓரத்தில் வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளுப்பாக்கும், இருட்டுப் பக்கத்தை இன்னும் கறுப்பாக்கும், அவ்வளவுதான். கடையில் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவனுக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் எது ஓரம், எது வெறும் புள்ளி என்று அதற்குத் தெரியாது. படத்தில் இருக்கிற பொடிப் புள்ளிகளையும் சேர்த்துத் தூக்கிக் காட்டும்.

அந்தப் புள்ளி உறுத்துகிறதே என்று மாப்பிள்ளை நாய்ஸ் ரிடக்‌ஷனையும் உச்சத்தில் வைத்திருக்கிறார். அது முந்தின படத்தையும் இப்போதைய படத்தையும் கலந்து சராசரி எடுக்கும். அசையாத சுவரில் இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் புள்ளி இடம் மாறும், சுவர் மாறாது. அசைகிற பொருளில்தான் வம்பு. அழகர் மேல் தோப்பறையிலிருந்து தண்ணீர் பீய்ச்சினார்களே, துளி ஒன்றாவது தெரிந்ததா? புகை மாதிரி இழுவிக்கொண்டு போனது. பறக்கிற துளியையும் புள்ளி என்று நினைத்து அழித்துவிட்டது. பக்கத்துப் புள்ளிகளோடும் சேர்த்துக் குழைப்பதால் பட்டர் முகம் மெழுகுப் பொம்மை ஆகிவிட்டது. கொடைக்கானல் டவரைப் பார்த்து மொட்டை மாடியில் ஆன்டெனா திருப்பிய காலத்தில் திரையில் பனி கொட்டும், அந்த நோய்க்கு இது மருந்து. உங்களுக்கு அந்த நோயே இல்லை.

சரி, இப்படிச் செய். முதலில் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஆஃப் பண்ணு. அப்புறம் வெளிர்ச் சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்து வருகிற ஒரு காட்சியை நிறுத்திவைத்து, திரைக்குக் கிட்டப் போய் ஷார்ப்னெஸ்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. எழுத்தைச் சுற்றிய வெள்ளை விளிம்பு மறைகிற இடத்தில் நில். கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாதே. சில டிவியில் பூஜ்யம் என்றால் கைவைக்காத படம், சிலவற்றில் நடு எண்தான் அது, அதற்குக் கீழே போனால் எழுத்து மங்கும். மங்கினால் ஒரு படி ஏற்று.

முதல் அரை மணி நேரம் படம் சப்பென்று தெரியும். கண் பழகட்டும், புடவையில் இழை தெரிய ஆரம்பிக்கும். பழைய படம் போடுகிற சேனலில் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தால் நாய்ஸ் ரிடக்‌ஷனை ‘லோ’வில் வை, அதற்கு மேல் வேண்டாம். சில டிவியில் ஒவ்வொரு பிக்சர் மோடுக்கும் தனித்தனி அளவு, மோடை மாற்றினால் மறுபடி பார்.

மாப்பிள்ளை ஆபீஸ் போன பிறகு செய். கேட்டால் குட்டிப் பயல் ரிமோட்டை அமுக்கிவிட்டான் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா