மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் விடுப்பு: ஓசூரில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை பேருந்தில் நீ கேட்ட கேள்விக்கு, நிற்கவும் இடமில்லாத அந்த நெரிசலில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் மூன்று வாரம் முடியவில்லை. ஆறு மாதப் பயிற்சிக் காலம் முழுவதும் உனக்கு முன்னால் இருக்கிறது. அதற்குள் பாலக்கோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் பாகப் பிரிவினைப் பத்திரத்துக்கு நீயும் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. ஒரு நாள் விடுப்புக் கேட்டால் "இவன் நிலைக்க மாட்டான்" என்று நினைத்துவிடுவார்களோ என்பது உன் பயம். ஓசூரில் பதினேழு ஆண்டுகள் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து, அந்த முடிவை எடுக்கும் இடத்தில் நின்றவன் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன். உன்னைப் போல இன்னும் சிலரும் இதையே கேட்டிருப்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

விடுப்புக் கேட்டதற்காக நான் யாரையும் தவறாக நினைத்ததில்லை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்கு, "சார், இன்னைக்கு வர முடியல" என்று வரும் செய்திதான் என்னை வருத்தியது. பதினான்கு பேர் நிற்க வேண்டிய லைனில் ஒரு இடம் காலியானால், இரவு ஷிப்ட் முடித்து, பாதுகாப்பு ஷூவைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்ட ஒருவரைக் கூப்பிட்டு மறுபடி மாட்டச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் கயிற்றைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற காலைகள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. அவருக்கு நான்கு நாள் முன்னதாகவே தெரிந்திருந்தால் அன்று மாலை வேலையை வேறு விதமாக அமைத்துக்கொண்டிருப்பார். ஆகவே எத்தனை நாள் கேட்கிறாய் என்பதைவிட, எப்போது சொல்கிறாய் என்பதைத்தான் சூப்பர்வைசர் கவனிக்கிறார்.

அந்த "எப்போது" என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உங்கள் ஆலையில் அடுத்த வார ஷிப்ட் பட்டியல் சனிக்கிழமை மாலை ஒட்டப்படும் என்று சொன்னாய். பட்டியல் ஒட்டிய பிறகு கேட்பது, போட்ட கணக்கை அழித்து மறுபடி போடச் சொல்வது. புதனோ வியாழனோ கேட்டுவிட்டால் அவர் பென்சிலில் குறித்துக்கொண்டு பட்டியலுக்குள்ளேயே உன் இடத்துக்கு ஆள் போட்டுவிடுவார், யாருக்கும் கூடுதல் சுமை இல்லை.

அடுத்து, எந்த நாள். பத்திரப் பதிவுக்கு முன்பதிவு செய்யும்போது தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி உங்கள் கையில்தான் இருக்கிறது, உன் சித்தப்பா திங்கட்கிழமைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காத வரை. திங்கட்கிழமை வேண்டாம். ஞாயிறு ஊருக்குப் போனவர்களில் சிலர் திங்கள் திரும்பாமல் இருப்பது எல்லா ஆலைகளிலும் உள்ள தொல்லை. உண்மையான காரணம் உன்னிடம் இருந்தாலும், அந்தக் கும்பலோடுதான் உன்னையும் சேர்த்து எண்ணுவார்கள். சுப முகூர்த்த நாளிலோ பதிவு அலுவலகத்திலேயே கூட்டம் அலைமோதும். முகூர்த்தம் இல்லாத ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுக்கச் சொல். உன் பயிற்சித் தேர்வு, அதாவது இந்த இயந்திரத்தைத் தனியாக இயக்கலாம் என்று கையெழுத்துப் போடும் நாள், அந்த வாரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். அந்த நாளைத் தவறவிடுவது மற்ற நாளைத் தவறவிடுவது போல் அல்ல.

நீ கவனிக்காமல் விடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, அது இரவு ஷிப்ட். அந்த வாரம் உனக்கு இரவு பத்தரை முதல் காலை ஆறரை வரை என்று விழுந்தால், "புதன்கிழமை லீவு" என்று மட்டும் சொன்னால் போதாது. செவ்வாய் இரவு தொடங்கும் ஷிப்ட் பல இடங்களில் செவ்வாய்க் கணக்கில்தான் வருகிறது. நீ புதன் என்று எழுத, அவர்கள் புதன் இரவைக் குறித்துக்கொள்ள, செவ்வாய் இரவு உன் இடம் காலியாகிவிடும். அது சொல்லாமல் நின்றதாகவே பதிவாகும். செவ்வாய் இரவு முழுக்க வேலை பார்த்து, தூங்காமல் பேருந்தேறி, பத்திரத்தில் கையெழுத்திட்டு, மறுபடி புதன் இரவு இயந்திரத்தின் முன் நிற்பதையும் நான் அனுமதிக்க மாட்டேன், கை போய்விடும். ஆகவே "செவ்வாய் இரவு பத்தரை மணிக்குத் தொடங்கும் ஷிப்ட்" என்று தேதியோடும் நேரத்தோடும் சொல். முதல் ஷிப்ட் வாரமாக இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை, அந்த வாரத்துக்கே முன்பதிவைத் தள்ளி வைக்க முடிந்தால் நல்லது.

கேட்பதை நேரில் கேள். ஷிப்ட் தொடங்கும் பரபரப்பில் வேண்டாம், உணவு இடைவேளை முடிந்து அவர் மேசைக்குத் திரும்பும் நேரம் பொருத்தமாக இருக்கும். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல், நிலத் தகராறின் முழு வரலாறு அவருக்குத் தேவையில்லை. பிறகு அன்றைக்கே எழுத்தில் அனுப்பு, இப்படி:

"வணக்கம் சார். நேரில் கேட்டபடி, குடும்பச் சொத்துப் பத்திரப் பதிவுக்காக 18-ஆம் தேதி புதன்கிழமை முதல் ஷிப்டுக்கு மட்டும் விடுப்பு வேண்டுகிறேன். நான் கையெழுத்திட வேண்டியவர்களில் ஒருவன். 19-ஆம் தேதி வழக்கம்போல் வந்துவிடுவேன். தேவைப்பட்டால் ஷிப்ட் மாற்றிக்கொள்ளவும் தயார்."

"மட்டும்" என்ற சொல்லும், திரும்பும் தேதியும் இதில் முக்கியம். விடுப்பு எடுத்துப் போன புதியவர்கள் அப்படியே திரும்பாமல் போவது இங்கே அடிக்கடி நடப்பதால், அவர் மனதில் எழும் முதல் கேள்விக்கு அந்தத் தேதி பதிலாகிவிடுகிறது.

நீ ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்திருப்பதாகச் சொன்னாய். அப்படியானால் லைன் சூப்பர்வைசர் சரி என்றால் மட்டும் போதாது, உன் வருகைப் பதிவேடு ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் அதே செய்தியை அனுப்பி, இருவரின் பதிலையும் வைத்துக்கொள்.

சம்பளத்தை எதிர்பார்க்காதே. ஆண்டு விடுப்புக்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 240 நாள் வேலை என்று வைத்திருந்தது, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 180 ஆகக் குறைத்தது. இரண்டில் எதன்படியும் மூன்றாவது வாரத்தில் உனக்கு ஒன்றும் சேர்ந்திருக்காது. மாதம் 15,600 ரூபாய் என்றால், 26 நாள் கணக்கில் 600 ரூபாய் போகும். முழு வருகைக்கான ஊக்கத்தொகை இருந்தால் அந்த மாதம் அதுவும் போகலாம். இதை முன்பே தெரிந்துகொண்டு, சம்பளமில்லா விடுப்பாகவே எடுத்துக்கொள்கிறேன் என்று நீயே சொல்லிவிடு.

ஒன்றை மட்டும் செய்யாதே. என் லைனில் இருந்த ஒரு பையன், பாட்டி இறந்துவிட்டார் என்று சொல்லிப் போனான். நாங்கள் நான்கு பேர் மாலையோடு ஊருக்குப் போனோம், பாட்டி திண்ணையில் உட்கார்ந்து புளி உரித்துக்கொண்டிருந்தார். திருமணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தாலே நான் கொடுத்திருப்பேன். அதற்குப் பிறகு அவன் காய்ச்சல் என்று சொன்ன நாளிலும் என்னால் நம்ப முடியவில்லை, அது உண்மையான காய்ச்சலாக இருந்தும்.

சித்தப்பாவிடம் இன்று இரவே பேசி நாளை முடிவு செய். அசல் ஆதாரை எடுத்துப் போக மறக்காதே. அது இல்லாமல் திருப்பி அனுப்பினால் இரண்டாவது நாள் கேட்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
மாமா