நான்காம் பத்தியில் புதைந்த செய்தி

தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் அலுவலகத்தின் வார மடலை எழுதும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். இரண்டு ஆண்டுகளாக நானும் அதைத்தான் சுமக்கிறேன். ராயபுரத்தில் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் எங்கள் கிளியரிங் அலுவலகத்தில் இருபத்திரண்டு பேர் இருக்கிறோம். அவர்களில் பாதிப் பேர் துறைமுக வாயிலில் நின்றபடி கைப்பேசியில்தான் மின்னஞ்சலைப் பார்க்கிறார்கள்.

தொடக்கத்தில் நான் எழுதியதை எவரும் படிக்கவில்லை என்பது ஒரு புதன்கிழமைதான் எனக்கு விளங்கியது. ஏற்றுமதிப் பெட்டி துறைமுகத்துக்குள் நுழையத் தேவையான ஃபார்ம் 13-க்கான விவரங்களை இனி மாலை 6 மணிக்குப் பதில் 4 மணிக்குள் கொடுக்க வேண்டும் என்ற செய்தியை, பிறந்தநாள் வாழ்த்துக்கும் புதிய நாற்காலிகளுக்கும் பின்னால் நான்காம் பத்தியில் புதைத்திருந்தேன். ஒருவர் 5 மணிக்கு மேல் கொண்டுவந்தார். அந்த ஏற்றுமதிப் பெட்டியோடு டிரெய்லர் இரவெல்லாம் எண்ணூர் விரைவுச் சாலையோரம் நின்றது. மடலில் எழுதியிருந்தேனே என்று நான் சொன்னது யாருக்கும் உதவவில்லை.

கைப்பேசியில் மடலைத் திறக்கும் முன் கண்ணில் படுபவை தலைப்பின் முதல் சில சொற்களும் உள்ளே இருக்கும் முதல் வரியும்தான். நானோ தலைப்பில் “வார மடல் 14” என்றும், முதல் வரியில் “அனைவருக்கும் இனிய வணக்கம்” என்றும் எழுதி இரண்டையும் வீணடித்திருந்தேன். அதே செய்தியை இன்று எழுதினால் தலைப்பு “புதன் முதல் ஃபார்ம் 13 மாலை 4-க்குள்” என்று இருக்கும். முதல் வரி “ஏற்றுமதிப் பிரிவினர் புதன் முதல் விவரங்களை 4 மணிக்குள் கொடுக்கவும்” என்று தொடங்கும். யார், என்ன, எப்போது என்பவை முன்னால் வரும். காரணம் வேண்டுமானால் அடுத்த வரியில் வரும்.

உள்ளே மூன்றே தலைப்புகள் வைத்திருக்கிறேன்: செய்ய வேண்டியவை, மாறியவை, மற்றவை. ஒரு வாரம் மாற்றம் எதுவும் இல்லையென்றாலும் அந்தத் தலைப்பை எடுக்காமல் “இந்த வாரம் இல்லை” என்று எழுதுகிறேன், ஏனெனில் எங்கே பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகிய பிறகு இடத்தை மாற்றினால் மறுபடியும் முழுவதையும் படிக்க வேண்டியதாகிவிடும். பிறந்தநாட்கள் கடைசியில்தான், அவற்றைத் தேடிக் கீழே போகிறவர்கள் போகிற வழியில் மற்றதையும் பார்க்கிறார்கள். மேலாளரின் நீண்ட உரையையும் அங்கேதான் வைத்தேன், அதற்கு அவரிடம் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வியாழன் மதியத்தோடு செய்தி வாங்குவதை நிறுத்தி, வெள்ளி காலை 10 மணிக்கு அனுப்பிவிடுகிறேன். அதற்குப் பிறகு வரும் அவசரச் செய்தியை மடலுக்காகக் காத்திருக்க வைக்காமல் தொலைபேசியில் சொல்லிவிடுவதுதான் சரி. திங்களன்று மடலில் உள்ளதையே இரண்டு பேர் வந்து கேட்டால், அந்த வாக்கியத்தை எடுத்து மீண்டும் பார்க்கிறேன். பெரும்பாலும் நாளோ பொறுப்பாளரோ வாக்கியத்தின் கடைசியில் ஒளிந்திருக்கும்.

உன் முதல் மடலை அனுப்பும் முன் எனக்கு அனுப்பு. கைப்பேசியில் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்