வெள்ளக்கோட்டு வரைபட விருது: திருத்தி எழுதிய நன்றி மடல்

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டைச் சொந்தங்களுக்கு வணக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று வீடு வீடாக அளந்து போட்ட வரைபடத்துக்கு விருது கிடைத்தது உங்களுக்குத் தெரியும். மேடையேறிக் கேடயம் வாங்கிய எங்கள் ஒருங்கிணைப்பாளர் அண்ணன் அன்று இரவே குழுவின் சார்பில் ஒரு பதிவு போட்டார். "தொழில்நுட்பக் குழுவின் வழிகாட்டுதலில், தன்னார்வலர்களின் அயராத உழைப்பால்" என்று அதில் இருந்தது. வாழ்த்துகள் குவிந்தன. மறுநாள் அவரே என்னைக் கூப்பிட்டு, "யார் யார் என்ன செஞ்சாங்கன்னு உன் நோட்டுல இருக்குல்ல? நீயே திருப்பி எழுதிடு. என் பேரைக் கடைசியில போட்டாப் போதும்" என்றார். கடைசியில் போடவில்லை. அவர் செய்த வேலை எங்கே வருகிறதோ அங்கே அவர் வருகிறார்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்மதம் சொன்னவர்களின் பெயர்கள் படிப்பகத்தின் சுவரில், அவரவர் வேலைக்கு நேராக ஒட்டியிருக்கின்றன. இங்கே வேலையை மட்டும் வைத்துப் பேசுகிறேன், ஏனென்றால் சிலர் ஊரெல்லாம் தங்கள் பெயர் போவதை விரும்பவில்லை.

எழுத உட்கார்ந்ததும் ஆட்களின் பட்டியலைத் தொடவில்லை. வரைபடத்தில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து, இது எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனேன். அப்படிப் போனபோது "தொழில்நுட்பக் குழுவின் வழிகாட்டுதல்" என்ற வரி முதல் படியிலேயே நிற்கவில்லை.

ஆரம்பத்தில் நாங்கள் சாலையிலிருந்து சுவர்க்கறை வரை டேப் பிடித்து அளந்தோம். ஒரே தெருவில் ஒரு வீட்டில் மூன்று அடி வந்தது, நான்கு வீடு தள்ளி இரண்டு அடி வந்தது. நின்ற தண்ணீர் ஒரே தெருவில் அப்படி ஏறி இறங்கி நிற்குமா? கட்டட வேலை செய்யும் மேஸ்திரி ஒருவர் அந்தப் பக்கமாக வந்தவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரோடு மேல ரோடு போட்டிருக்கான். நீங்க அளக்குறது ரோட்டை, தண்ணியை இல்ல" என்றார். அப்புறம் தன் வண்டியிலிருந்து ட்யூப் லெவலை எடுத்து வந்தார். நீளமான கண்ணாடிக் குழாய் போன்ற பிளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் தூக்கிப் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நடுவில் காற்றுக்குமிழ் இருந்தால் மட்டம் பொய் சொல்லும், அதனால் ஒவ்வொரு முறையும் குமிழைத் தட்டித் தட்டி வெளியேற்றச் சொல்லிக் கொடுத்தார். தெருமுனைக் கோயிலின் கருங்கல் படியைப் பூஜ்யமாக வைத்ததும் அவர்தான், சாலையை எத்தனை முறை போட்டாலும் அந்தப் படி உயராது என்பதால். அப்படி அளந்தபோது அந்த இரண்டு வீட்டுக் கறையும் ஒரே மட்டம். சாலைதான் ஓர் அடி உயர்ந்திருந்தது.

ஆக, இந்த வரைபடத்தின் அளவீட்டு முறை மேஸ்திரியுடையது. திருத்திய வரி இப்படி இருக்கிறது: "அளக்கும் முறையை வகுத்துக் கற்றுக்கொடுத்தவர் கொருக்குப்பேட்டைக் கட்டட மேஸ்திரி, அதன்படி தெருக்களை அளந்தவர்கள் தன்னார்வலர்கள்." 'ஆலோசனை வழங்கினார்' என்று போடலாமே என்று ஒருவர் சொன்னார். ஆலோசனையா அது? அவர் வராமல் இருந்திருந்தால் நாங்கள் சாலையின் உயரத்துக்கு விருது வாங்கியிருப்போம். (அவர்கள் கொடுத்திருக்க மாட்டார்கள், அது வேறு.)

அடுத்து, கறையைக் காட்டிய அக்காமார்கள். சுவரில் பொதுவாக ஒரு கோடு இருக்காது, இரண்டு மூன்று இருக்கும். அழுத்தமாகத் தெரிவது தண்ணீர் அதிக நேரம் தேங்கிய கோடு. உச்சத்துக்கு ஏறிச் சீக்கிரம் இறங்கிய கோடு மங்கலாக இருக்கும், வெள்ளையடித்திருந்தால் அதுவும் போய்விடும். வெளிச்சுவரில் லாரி போன அலையும் ஏறியிருக்கும். எங்கள் பசங்க அழுத்தமான கோட்டில் சாக்பீஸ் வைத்தபோது, "அது இல்லப்பா, இதுக்கு மேல ஒரு சாண். பீரோவோட நடுத் தட்டு நனைஞ்சது" என்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டியவர்கள் அவர்கள்தான். முதல் பதிவில் "பொதுமக்களின் ஒத்துழைப்பு" என்று இருந்தது. கதவு திறந்துவிட்டால் ஒத்துழைப்பு. எது சரியான கோடு என்று முடிவு செய்து கொடுத்தால் அது சரிபார்ப்பு. இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

குழுவில் உள்ள கல்லூரித் தங்கை ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஆய்விதழ்களில் யார் என்ன செய்தார் என்று குறிக்க கிரெடிட் என்று 14 வகைப் பங்களிப்புகள் வைத்திருக்கிறார்கள், 2022இல் அமெரிக்கத் தரநிலையாகவும் ஆக்கிவிட்டார்கள். யோசனை, முறை, களவேலை, தரவைப் பராமரித்தல், சரிபார்த்தல், எழுதுதல் என்று போகும். ஒருவருக்குப் பல வகை வரலாம், ஒரே வகையில் முதன்மைப் பங்கு, துணைப் பங்கு என்று பிரிக்கவும் செய்யலாம். எங்களுக்கு எல்லாம் பொருந்தவில்லை, ஆனால் 'முதன்மை', 'துணை' ரொம்ப உதவியது. எல்லாரும் சமமாக உழைத்தோம் என்று எழுதினால் இனிப்பாக இருக்கும், உண்மையாக இருக்காது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றி. வாராவாரம் வந்தவர்களை அவர்களோடு ஒரே வரியில் கலக்கவில்லை.

குறைத்துச் சொன்னவர்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "நான் சும்மா ட்யூபோட இன்னொரு முனையைத்தான் பிடிச்சேன்" என்று ஒரு தம்பி பெயரை எடுக்கச் சொன்னான். கோயில் படியில் பிடித்த முனை அரை அங்குலம் நகர்ந்தால் தெருவே நகர்ந்துவிடும் என்று சொல்லி அவனை அளந்தவர்கள் வரிசையில் வைத்தேன்.

"நாங்கள் வரைந்த வரைபடம்" என்ற வரியும் மாறிவிட்டது. தெருக்களை நாங்கள் வரையவில்லை. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் முன்பே பலர் வரைந்து வைத்திருந்த தெருக்களின் மேல் எங்கள் அளவுகளை வைத்தோம். அதன் உரிமமும் அவர்களைக் குறிப்பிடச் சொல்கிறது, அதனால் வரைபடத்தின் மூலையில் `© OpenStreetMap contributors` என்று இருக்கிறது. மடலிலும் அவர்களுக்கு நன்றி. அளவுகளை ஏற்றி நிறம் பிரித்தது கல்லூரித் தங்கையும் அவர் தோழியும்.

இன்னொன்றை எடுத்தே விட்டோம். "வெள்ளத்தில் மக்களோடு நின்ற குழு" என்று முதல் பதிவில் ஒரு வரி. அந்த இரவுகளில் ஃபைபர் படகோடு வந்து ஆட்களை ஏற்றியவர்கள் மீனவச் சகோதரர்கள். நாங்கள் குழுவாகச் சேர்ந்ததே தண்ணீர் வடிந்த பிறகு. விருது வரைபடத்துக்கு, மீட்புக்கு அல்ல. அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்கிறோம், எங்கள் கேடயத்தின் நிழலில் வைத்து அல்ல. அதேபோல, கேப்டன் காட்டன் கால்வாயில் எப்போதாவது தூர்வாரினால் அது எங்கள் வரைபடத்தால் என்றும் சொல்லப்போவதில்லை.

ஒருங்கிணைப்பாளர் அண்ணன்: வேலையை யோசித்துத் தொடங்கியவர், வார்டு அலுவலகத்துக்கு நடந்தவர், ஆட்களைத் திரட்டியவர். இவை மூன்றும் முதன்மை. அளவீடு, வரைபடம் இரண்டிலும் அவருக்குப் பங்கில்லை என்று அவரே எழுதச் சொன்னார். நான்: நோட்டு எழுதியது, இந்த மடல் எழுதியது. டீயும் பன்னும் கணக்கில் வைத்துக் கொடுத்து, கடைசியில் கணக்கையே கிழித்த டீக்கடை மாமாவுக்கும் நன்றி.

ஒட்டுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியைப் படித்துக் காட்டிச் சரி வாங்கியாயிற்று, ஒருவரைத் தவிர. முதல் நாள் கால்வாய் ஓரத் தெருவில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு டேப் பிடித்தவர். என் நோட்டில் "பச்சைக் கைலி அண்ணன்" என்று மட்டும் இருக்கிறது, அதற்கப்புறம் வரவில்லை. யாரென்று தெரிந்தவர்கள் மாலையில் படிப்பகத்துக்கு வந்து சொல்லுங்கள். சுவரில் அவருக்கான வரியைக் காலியாக விட்டிருக்கிறோம்.