‘கண்டு பிடித்த’ சிறுத்தை: செய்தி மேசைக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதிக்கு வரும் நாளிதழின் வேலூர்ப் பதிப்பைத் தயாரிக்கும் உதவி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் தீப்பெட்டி லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் அடித்த காலத்திலிருந்து நான் மெய்ப்புப் பார்ப்பவன். உங்கள் செய்திகளில் ஒற்றுப்பிழை வருவது எனக்குப் புதிதில்லை. பேனாவால் திருத்திவிட்டு மடித்து வைப்பேன், அதோடு சரி. போன வாரம் வந்த ஒரு செய்தியை அப்படி மடித்து வைக்க முடியவில்லை.

பேரணாம்பட்டு அருகே, காட்டை ஒட்டிய கிராமம் ஒன்றைப் பற்றிய செய்தி அது. நீங்கள் அச்சிட்டபடியே தருகிறேன்:

“ஆட்டை கடித்து கொன்றச் சிறுத்தையை பிடிக்க கூண்டு வைக்கப் பட்டது. முன்னதாக, தகவல் அறிந்துச் சென்ற வனத் துறையினர் ஓடை அருகே சிறுத்தையை கண்டு பிடித்தனர். சிறுத்தைப் பகலில் புதருக்குள் பதுங்குவதால் எச்சரிக்கையாக இருக்குமாறு கேட்டு கொண்டனர்.”

எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பையன் இதைச் சத்தமாகப் படித்தான். இடைவெளி இருந்த இடத்தில் நின்று, “கண்டு... பிடித்தனர்” என்று படித்தான். பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். “புடிச்சிட்டாங்களாப்பா? அப்போ நாளைக்கி ஓடைப் பக்கமே ஓட்டிக்கினு போலாம்” என்றபடி எழுந்துவிட்டார். நான் பேப்பரை வாங்கி முதல் வரியை மறுபடி படித்துக் காட்டி, “பிடிக்கலீங்க, இன்னும் கூண்டுதான் வெச்சிருக்காங்க” என்று சொல்லவேண்டியிருந்தது.

பையன் மேல் தப்பில்லை. ‘கண்டுபிடித்தனர்’ என்றால் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. ‘கண்டு பிடித்தனர்’ என்றால் பார்த்தார்கள், பிடித்தும் விட்டார்கள். அவன் அச்சில் இருந்ததைத்தான் படித்தான்.

இந்த மூன்று வாக்கியங்களில் 12 இடங்களில் திருத்தம் வேண்டும். எந்த வரிசையில் திருத்துவது என்பதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். பலரும் எடுத்த எடுப்பிலேயே ஒற்றைத் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் இடைவெளிகளைப் பாருங்கள். எது ஒரே சொல், எது இரண்டு சொல் என்று முடிவாகாமல் நடுவில் ஒற்று வருமா என்று பார்த்துப் பயனில்லை. இதற்கு நான் செய்யும் சோதனை எளியது: நடுவில் ‘உடனே’ என்று ஒரு சொல்லைச் செருகிப் பார்ப்பேன். ‘வைக்க உடனே பட்டது’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே ‘வைக்கப்பட்டது’ ஒரே சொல். ‘கேட்டு உடனே கொண்டனர்’ என்றாலும் பொருள் கெடுகிறது. வனத்துறையினர் எதையும் வாங்கிக்கொண்டு போகவில்லை, வேண்டுகோள்தான் விடுத்தார்கள். எனவே ‘கேட்டுக்கொண்டனர்’. ‘கண்டு உடனே பிடித்தனர்’ என்று மட்டும் சொல்லலாம், ஆனால் பொருள் வேறாகிவிடுகிறது. ஆபத்தே அங்கேதான். இரண்டு வடிவமும் தமிழில் சரி என்பதால் கண்ணுக்குப் பிழையாகவே படாது. ‘வனத்துறை’ சேர்ந்திருக்கும் என்பதைச் சோதிக்கவே வேண்டாம்.

அப்புறம் ஒற்று. உங்கள் செய்தியில் ‘சிறுத்தையை பிடிக்க’ என்று வேண்டிய இடத்தில் ஒற்று இல்லை, ‘சிறுத்தைப் பகலில்’ என்று வேண்டாத இடத்தில் இருக்கிறது. ஐகாரத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்று யாரோ பாதியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மிகுவது ‘எதை’ என்ற கேள்விக்குப் பதிலாக வரும் ஐ உருபுக்குப் பின்னால். ‘சிறுத்தை’ என்பதன் கடைசியில் இருக்கும் ஐ அந்தச் சொல்லுக்கே சொந்தம், அது உருபு அல்ல. ஆகவே சிறுத்தை பதுங்கியது, சிறுத்தையைப் பிடித்தார்கள். இன்னொன்றும் உண்டு: சிறுத்தைக்குட்டி. இங்கே உருபு வெளியே தெரியாவிட்டாலும் இரண்டு பெயர்ச்சொல் சேர்ந்து ஒன்றானதால் ஒற்று வருகிறது. வேலூர்க்காரர்களுக்கு இதை மறக்காமல் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ‘வேலை தேடினான்’ என்றால் பிழைப்பைத் தேடினான். ‘வேலைத் தேடினான்’ என்றால் தொலைந்த வேலாயுதத்தைத் தேடினான்.

‘கடித்து கொன்ற’, ‘அறிந்துச் சென்ற’ இரண்டும் ஒரே குழப்பத்தின் இரண்டு பக்கம். கடைசி உகர எழுத்துக்கு முன்னால் என்ன மெய் நிற்கிறது என்று பாருங்கள். கடித்து, கேட்டு, விற்று என வல்லின மெய் நின்றால் மிகும். அறிந்து, கண்டு, சென்று என மெல்லின மெய் நின்றாலும், செய்து என இடையின மெய் நின்றாலும் மிகாது. ‘கொன்றச் சிறுத்தை’யில் உள்ள ஒற்றை எடுத்துவிடுங்கள். கொன்ற, வந்த, பதுங்கிய போன்ற பெயரெச்சங்களுக்குப் பின் மிகாது. ஆனால் ‘பிடிக்க’ என்பது வினையெச்சம், அதற்குப் பின் மிகும்: பிடிக்கக் கூண்டு.

சொற்பிழை திருத்தும் மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். ஒவ்வொரு சொல்லாகச் சோதிக்கும் மென்பொருளுக்கு ‘ஆட்டை’ சரி, ‘கடித்து’ சரி. பிழை இருப்பது இரண்டுக்கும் நடுவில். ஒரே ஒரு வகையை மட்டும் கணினியில் தேடியே பிடித்துவிடலாம். நிருபர் ‘சிறுத்தையைப் பிடிக்க’ என்று சரியாகவே அனுப்பியிருப்பார். மேசையில் ஒருவர் நடுவே ‘விரைவில்’ சேர்ப்பார். ‘சிறுத்தையைப் விரைவில் பிடிக்க’ என்று ப் அந்தரத்தில் தொங்கும். தமிழ்ச் சொல் எதுவும் க், ச், த், ப் என்று முடியாது. ஆகவே இந்த எழுத்துகளில் ஒன்றையும் ஓர் இடைவெளியையும் தட்டித் தேடுங்கள். அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்காவிட்டால் அந்த ஒற்று தொங்குகிறது என்று பொருள். கேக், மார்ச், கிளப் போன்ற பிறமொழிச் சொற்கள் மட்டும் வீணாக வந்து நிற்கும், அவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

எல்லா இடத்திலும் நான் கறாராக இல்லை. ‘வேலூர்க் கோட்டை’ என்று எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும். நீங்கள் ‘வேலூர் கோட்டை’ என்றால் சண்டைக்கு வரமாட்டேன், ஊர்ப்பெயரோடு ஒற்றுச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தால் எல்லாப் பக்கத்திலும் அதையே கடைப்பிடியுங்கள். ‘கேட்டுக் கொண்டனர்’ என்று ஒற்றோடு பிரித்து எழுதும் பழக்கமும் பலரிடம் இருக்கிறது, அதனால் யாருக்கும் பொருள் மாறிவிடாது. ‘கண்டுபிடி’ அப்படியல்ல.

அந்தச் செய்தி இப்படி வந்திருக்க வேண்டும்:

“ஆட்டைக் கடித்துக் கொன்ற சிறுத்தையைப் பிடிக்கக் கூண்டு வைக்கப்பட்டது. முன்னதாக, தகவல் அறிந்து சென்ற வனத்துறையினர் ஓடை அருகே சிறுத்தையைக் கண்டுபிடித்தனர். சிறுத்தை பகலில் புதருக்குள் பதுங்குவதால் எச்சரிக்கையாக இருக்குமாறு கேட்டுக்கொண்டனர்.”

இதை எழுதும் இன்று காலை வரை கூண்டு காலியாகத்தான் இருக்கிறது. டீக்கடையில் நான் ஒருவரிடம் சொன்னேன். மற்ற ஊர்களில் அதே வரியைப் படித்தவர்களிடம் சொல்ல உங்களால்தான் முடியும். நாளைய பதிப்பில், அதே பக்கத்தில், சிறுத்தை இன்னும் பிடிபடவில்லை என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்.