டோல் ரசீதை மட்டும் பார்த்து வழியை முடிவு செய்யாதீர்கள்

மாதவரம், மணலி வட்டார டிரெய்லர் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

"டோல் ஏன் கட்டினாய்?" என்று வண்டி அனுப்பும் சூப்பர்வைசரைக் கேட்பதற்கு முன் இந்தச் சின்னக் கதையைப் படித்துவிடுங்கள். ஆளும் எண்களும் கற்பனைதான். எண்களுக்குப் பதில் உங்கள் வண்டியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மாதவரம் குடோனிலிருந்து காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு லோடு கன்டெய்னர். மணலி, மீஞ்சூர் வழியாக 30 கிலோமீட்டர், டோல் இல்லை. செங்குன்றம் தாண்டி வெளிவட்டச் சாலையில் ஏறினால் 41 கிலோமீட்டர், டோல் 350 ரூபாய். லிட்டருக்கு 3 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று சூப்பர்வைசர் கணக்குப் போட்டார். மணலி வழி 920 ரூபாய், வெளிவட்டம் சுமார் 1,610. எல்லா வண்டியையும் மணலி வழியே விட்டார்.

மாதக் கடைசியில் டீசல் கணக்கு உதைத்தது. திருட்டு என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார். புறப்படும்போதும் சேர்ந்த பிறகும் டேங்க்கை நிரப்பி அளந்தபோது, பகல் டிரிப் ஒன்றுக்கு 10 அல்ல, 17 லிட்டர் போயிருந்தது. லோடு வண்டி முதல் கியரில் நகர்ந்து நகர்ந்து நின்றால் மைலேஜ் விழும். வரிசையில் நிற்கும்போதும் இன்ஜின் எரிக்கும். 17 லிட்டர் என்றால் 1,564 ரூபாய். 690 ரூபாய் மிச்சம் என்று நினைத்தது 46 ரூபாயாகிவிட்டது.

அடுத்து நேரத்தைப் பார்த்தார். மணலி வழி நாலரை மணி, வெளிவட்டம் ஒன்றரை மணி. இந்த மூன்று மணி நேரம் டிரிப் ஷீட்டில் எங்கும் இல்லை. பேட்டா டிரிப்புக்குத்தான், ஃபைனான்ஸ் தவணை, இன்சூரன்ஸ், சம்பளம் எல்லாம் ஆபீஸ் கணக்கில் போகின்றன. அவை மாதம் 1,20,000 ரூபாய், வண்டி ஓடுவது 300 மணி நேரம் என்றால் மணிக்கு 400. மூன்று மணி நேரத்துக்கு 1,200 ரூபாய். மலிவு வழியில் டிரிப்புக்கு 1,154 ரூபாய் நஷ்டம்.

வண்டி நின்றாலும் தவணை கட்டத்தானே வேண்டும் என்பீர்கள். நியாயம்தான். அன்றைக்கு வேறு லோடு இல்லையென்றால் அந்த 1,200-ஐச் சேர்க்க வேண்டாம். அப்போதும் மணலி வழி மிச்சம் பிடிப்பது 46 ரூபாய்தான். இரண்டாவது லோடு கைவிட்டுப் போனால் அதன் லாபத்தைச் சேருங்கள், ஆனால் மணிக்கணக்கோடு சேர்த்து இரண்டு முறை கூட்டிவிடாதீர்கள்.

டோல் வழிதான் எப்போதும் சரி என்றும் சொல்லவில்லை. ராத்திரி ரோடு காலியாக இருந்து மணலி வழியில் ஒன்றேகால் மணியில் சேர்ந்தால், நேரத்தையும் சேர்த்து 1,420 ரூபாய்தான், வெளிவட்டம் 2,210. நேரம் கூடக்கூட டீசலும் சீராகக் கூடும் என்று வைத்தால், இந்த வண்டிக்கு எல்லை சுமார் இரண்டரை மணி நேரம். அதைத் தாண்டினால் மணலி வழி தோற்கும்.

ஆகவே, டிரிப் ஷீட்டில் புறப்பட்ட நேரம், துறைமுக கேட் நேரம், நிரப்பிய லிட்டர் மூன்றுக்கும் இடம் விடுங்கள். பகலுக்கும் ராத்திரிக்கும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒரு மாத ஷீட் கையில் வந்த பிறகு டோலைப் பற்றி சூப்பர்வைசரிடம் பேசுங்கள்.