ஆல்பத்தில் மச்சத்தை விட்டுவையுங்கள், அண்ணாச்சி

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்து ஸ்டுடியோ அண்ணாச்சிமாருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா நான். செல்ஃபியை எவ்வளவு திருத்தலாம் என்று நானும் மகளும் பேசி ஓர் எல்லை வைத்திருந்தோம். எங்கள் வீட்டுச் சடங்கு ஆல்பம் வந்த பிறகு அந்த எல்லையை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பேச்சு மூக்கில்தான் தொடங்கியது. தன் மூக்கு பெரிது என்று ஒவ்வொரு செல்ஃபியிலும் அதைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். "நீ அழகுதான்" என்று சொன்னால் அந்த வயதில் காதில் ஏறாது. அதனால் போனை முகத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடித்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அப்புறம் அதே போனை ஜன்னல் திண்டில் சாய்த்து, டைமர் போட்டு, ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வைத்து இன்னொன்று. இரண்டாவதை முகம் அளவுக்கு வெட்டிப் பக்கத்தில் வைத்ததும் அவளே, "மூக்கு மாறிட்டேம்மா" என்றாள். கணக்கு எளிது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் எடுத்தால் மூக்கு 30இல், காது 42இல். காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாக விழுகிறது. தள்ளி எடுத்தால் 150, 162. வித்தியாசம் 8 சதவீதம்தான். இது உங்களுக்குத் தெரியாததா? அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். முகத்தில் இல்லாத குறையை முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் எவ்வளவு திருத்தலாம் என்ற பேச்சு. இரண்டு வாரத்தில் தானாகப் போகக்கூடியதை எடுத்துவிடலாம்: ஒரு பரு, கொசுக்கடி, நெற்றியில் வியர்வைப் பளபளப்பு. கூடவே இருப்பதைத் தொடக்கூடாது: மச்சம், தழும்பு, நிறம், மூக்கும் தாடையும். "எனக்குப் பரு மாசக்கணக்கா இருக்கே, அதுக்கு என்ன?" என்று மடக்கினாள். நியாயமான கேள்வி. சிவப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள், தோலின் துளைகள் தெரிய வேண்டும், மெழுகு பூசியது போல ஆகிவிட்டால் கூடிப்போயிற்று என்று முடிவு செய்தோம். போன் கேமராவில் 'பியூட்டி' தானாகவே போடப்பட்டிருந்தது; அதை அவளே அணைத்தாள்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். குறுக்குத்துறையில் எடுத்த படங்களில் அவள் முகம் மூன்று மடங்கு வெளுத்திருக்கிறது. கன்னத்து மச்சம் இல்லை. அது அவள் ஆச்சிக்கும் அதே இடத்தில் இருக்கும் மச்சம். மகள் கேட்டாள்: "அவங்களே எடுத்துட்டாங்க, நான் எடுத்தா மட்டும் என்ன தப்பு?"

முதுகுப் பக்கம் வெயில் இருந்தால் முகம் இருண்டுதான் விழும், அதைத் தூக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிச்சத்தைத் தூக்குவது வேறு, தோலை வெளுப்பது வேறு. நிழலில் இருந்த முகத்தைத் தூக்கினால் அதே நிழலில் இருக்கும் கழுத்தும் கையும் பட்டும் சேர்ந்து தெளியும். எங்கள் ஆல்பத்தில் முகம் மட்டும் ஒரு நிறம். மாலையைப் பிடித்திருக்கும் கை இன்னொரு நிறம். காது மடலில் வெளுப்பு சட்டென்று நிற்கிறது. படம் எடுக்கும்போதே வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றை முகத்துக்கு எதிரே பிடித்திருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

வாடிக்கையாளர்கள்தான் வெளுப்பாகக் கேட்கிறார்கள் என்பதும் உண்மை. பெற்றோர் பலர் கேட்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் கேட்காதவர்களுக்கும் அதையே செய்து கொடுப்பது ஏன்? கூகுள் 2020இல் தன் பிக்சல் போன்களில் முகத்திருத்தத்தை முதலிலேயே அணைத்து வைத்து, வேண்டுமென்பவர் போட்டுக்கொள்ளலாம் என்று மாற்றியது. அந்த வரிசையைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். பரு, வியர்வை, வெளிச்சம் இவற்றை நீங்களே சரிசெய்யுங்கள். நிறத்தையும் மச்சத்தையும் தொடுமுன் கேளுங்கள். அப்பா அம்மாவிடம் மட்டுமல்ல, படத்தில் இருக்கும் பிள்ளையிடமும். ஆல்பம் அச்சுக்குப் போகுமுன் இரண்டு மூன்று படங்களைத் திருத்தாததும் திருத்தியதுமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், ஐந்து நிமிட வேலை.

என் தங்கை மகளுக்கு அடுத்த மாதம் சடங்கு. எந்த ஸ்டுடியோவில் முன்பணம் கொடுத்தாலும் இதை முதலிலேயே சொல்லி, ஆர்டர் நோட்டில் எழுதி வாங்கிக்கொள்வேன். முடியும் என்று சொல்லும் அண்ணாச்சி யாராக இருந்தாலும் ஆல்பம் அவருக்குத்தான்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அம்மா