ஐந்து வரி அட்டை: சிவகாசி நண்பனுக்கு

தண்டையார்பேட்டை,
தை மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் நீ அனுப்பிய புரூப்பும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். காலையில் ஏழு மணி வரை பனி விலகுவதில்லை, அவ்வளவுதான்.

சவுகார்பேட்டைச் சமணக் குடும்பம் ஒன்று நவகார மந்திரம் அச்சிட்டு உன் அச்சகத்தில் ஆயிரம் அட்டை கேட்டிருக்கிறது என்பதில் எனக்கு மிகவும் சந்தோஷம். ராஜஸ்தானிலிருந்து வந்து தலைமுறைகளாகத் தங்கசாலைத் தெருப் பக்கம் இருப்பவர்கள். பிள்ளைகள் தமிழைச் சரளமாக வாசிப்பார்கள். அந்தப் பிள்ளைகள் தினமும் பார்த்துச் சொல்லப்போகிற அட்டை இது. அதனால் புரூப்பை வரிவரியாகப் பார்த்தேன். திருத்தங்கள் இருக்கின்றன. காரணத்தோடு எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் எழுத்து. நீ தமிழ்ச் சமணர், அதாவது நயினார் வீட்டுப் புத்தகம் ஒன்றைப் பார்த்து அடித்திருக்கிறாய் என்று தெரிகிறது. அவர்கள் திகம்பர வழி, 'ணமோ' என்பார்கள். உன் வாடிக்கையாளர்கள் சுவேதாம்பரர். அவர்கள் வாயில் 'நமோ'தான். இரண்டும் சரியே, ஒரே பிராகிருதச் சொல். ஆனால் ஒரு வீட்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். அட்டை இப்படி வரட்டும்:

நமோ அரிஹந்தாணம்
நமோ ஸித்தாணம்
நமோ ஆயரியாணம்
நமோ உவஜ்ஜாயாணம்
நமோ லோஏ ஸவ்வ ஸாஹூணம்

முதல் சொல்லில் 'ந' வந்தாலும் கடைசியில் 'ணம்' மாறாது. நீ 'அரிஹந்தானம்', 'ஸித்தானம்' என்று இரண்டுசுழி 'ன' போட்டிருக்கிறாய். தமிழ்க் கண்ணுக்கு அது உடனே 'தானம்' என்று தெரியும், யாரோ யாருக்கோ எதையோ கொடுப்பதுபோல. இங்கே 'ஆணம்' என்பது வெறும் வேற்றுமை உருபு. நம் 'அவர்களுக்கு' என்பதில் 'களுக்கு' செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. அரிஹந்தாணம் என்றால் அரிஹந்தர்களுக்கு. நமோ என்றால் வணக்கம்.

நான்காவது வரியில் 'உவஜ்ஜாணம்' என்று ஓர் எழுத்து விழுந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி உண்டு. கட்டளைக் கலித்துறைக்கு ஒற்றை நீக்கி எழுத்து எண்ணச் சொல்லிக்கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அதே போலப் புள்ளி எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணு. வரிக்கு 7, 5, 7, 7, 9 வர வேண்டும், மொத்தம் 35. உன் புரூப்பில் 34 வந்தது, 'யா' காணோம். எழுத்து விழுந்தாலும் கூடினாலும் இந்தக் கணக்கு காட்டிவிடும். ஓர் எழுத்து இன்னொன்றாக மாறியிருந்தால் காட்டாது. மூன்றாவது வரியில் 'ஆயிரியாணம்' என்று அடித்தாலும் ஏழுதான் வரும். அதற்குக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இனிப் பொருள். பின்பக்கம் நீ அச்சிட்டிருக்கும் விளக்கத்தில் சில இடங்கள் எனக்கு உறுத்துகின்றன. அதற்கு முன் ஐவரும் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

அரிஹந்தர் என்பவர் உயிரின் அறிவையும் காட்சியையும் மறைத்து, மயக்கி, ஆற்றலைத் தடுக்கிற நான்கு வினைகளையும் அழித்து முழு அறிவு பெற்றவர். இன்னும் உடம்போடு இருப்பவர். 'அரி' என்றால் பகை. உட்பகையை வென்றவர் என்று ஒரு பொருள். 'அரஹந்த' என்று ஒலித்தால் வணங்கத் தக்கவர் என்று பொருள்படும். நம் இலக்கியத்தில் வரும் அருகன் இவர்தான். சித்தர் மீதி நான்கு வினைகளும் தீர்ந்து, உடம்பும் நீங்கி, பிறவியற்று நிற்கும் உயிர். உன் விளக்கத்தில் 'சித்தர்கள்' என்று மட்டும் விட்டால் நம் ஊரில் படிப்பவர்கள் பதினெண் சித்தர்களை நினைத்துக்கொள்வார்கள். 'எட்டு வினையும் நீங்கி முத்தி அடைந்தவர்கள்' என்று சேர்த்துவிடு.

எட்டும் தீர்ந்தவர் இருக்க, நான்கு தீர்ந்தவருக்கு ஏன் முதல் வணக்கம் என்று நீ கேட்பாய். சித்தருக்கு உடம்பில்லை, பேச்சில்லை. அவர் இருக்கிறார் என்பதையும் அந்த நிலைக்குப் போகும் வழியையும் வாய்திறந்து சொன்னவர் அரிஹந்தர். வழி காட்டியவரை முதலில் வணங்குகிறார்கள். அட்டையில் இடம் இருந்தால் இந்த ஒரு வாக்கியத்தைப் போடு. பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது.

மூன்றாவது, நான்காவது வரிகள் தமிழர் நாவுக்கு அந்நியமே இல்லை. 'ஆயரிய' என்பது ஆசாரியர். நம் 'ஆசிரியர்' இந்தச் சொல்லின் உறவு. துறவியர் சங்கத்தின் தலைவர் அவர். ஒழுக்கத்தைத் தானும் காத்துப் பிறரையும் காக்கவைப்பவர், தீட்சை தருபவர். 'உவஜ்ஜாய' என்பது உபாத்தியாயர். நாம் 'வாத்தியார்' என்று தேய்த்துவிட்ட அதே சொல். ஆகமங்களைத் துறவியருக்குப் பாடம் சொல்பவர். நீ இரண்டுக்குமே 'குருமார்கள்' என்று போட்டிருக்கிறாய். அப்படிப் போட்டால் நான்காவது வணக்கம் எதற்கு என்று தெரியாமல் போய்விடும். ஒருவர் சங்கத்தை நடத்துபவர், மற்றவர் படிப்பிப்பவர்.

ஐந்தாவது வரியில்தான் எனக்குப் பெரிய குறை. முதலில் பக்க அகலம் போதாமல் 'நமோ லோஏ' என்று ஒரு வரி, 'ஸவ்வ ஸாஹூணம்' என்று அடுத்த வரி என உடைத்திருக்கிறாய். இப்போது ஆறு வரி ஆகிவிட்டது! எழுத்தைச் சிறிதாக்கு, உடைக்காதே. அடுத்தது பொருள். 'லோஏ' என்றால் உலகில், 'ஸவ்வ' என்றால் எல்லா, 'ஸாஹு' என்றால் சாது. 'உலகிலுள்ள எல்லாச் சாதுக்களுக்கும் வணக்கம்' என்று நீ எழுதியது சொல்லளவில் சரி. ஆனால் 'உலகில் எல்லா' என்பது சாதுக்களுக்கு மட்டும் உரியதல்ல. ஷட்கண்டாகமம் என்ற சமண நூலுக்கு எழுதிய தவள உரையில் வீரசேனர் இந்த இரு சொற்களையும் கடைசியில் வைத்த விளக்கு என்கிறார். அதன் வெளிச்சம் முந்தைய நான்கு வரிகளிலும் விழும். நம் இலக்கணத்தில் கடைநிலைத் தீவகம் என்று படித்தோமே, அதுவேதான். ஆகவே எல்லா அரிஹந்தர்களுக்கும், எல்லாச் சித்தர்களுக்கும் என்று ஐந்திலும் 'எல்லா' வர வேண்டும். இந்த மந்திரத்தில் மகாவீரர் பெயரோ பார்சுவநாதர் பெயரோ இல்லாததன் அர்த்தமும் அங்கேதான் இருக்கிறது. வணக்கம் நிலைக்கு, பெயருக்கு அல்ல.

அதனால்தான் கீழே நீயாகச் சேர்த்திருக்கும் 'எங்களைக் காத்தருள்வீராக' என்ற வரியை எடுத்துவிடச் சொல்கிறேன். ஐந்து வரியிலும் கேட்பது என்று ஒன்றுமே இல்லை. நல்ல எண்ணத்தில் சேர்த்திருப்பாய், தெரியும். ஆனால் அது வேறு மரபின் குரல். அதன் இடத்தில் இந்த நான்கு அடிகளை வை:

ஏஸோ பஞ்ச நமுக்காரோ
ஸவ்வ பாவப்பணாஸணோ
மங்கலாணம் ச ஸவ்வேஸிம்
படமம் ஹவயி மங்கலம்

இந்த ஐந்து வணக்கம் எல்லாப் பாவத்தையும் அழிப்பது, எல்லா மங்கலங்களிலும் முதல் மங்கலம் என்று பொருள். இதில் 33 எழுத்து, ஐந்து வரியோடு சேர்த்து 68. சிலர் 'ஹவயி' என்பதை 'ஹோயி' என்பார்கள்; அப்போது ஒன்று குறையும். வீட்டாரிடம் கேட்டுவிட்டு அச்சிடு. ஐவருக்கும் சேர்த்து 108 குணம் என்ற குறிப்பு இருக்கட்டும்: வரிசையாக 12, 8, 36, 25, 27 என்று சுவேதாம்பரர் கணக்கு சரியாகக் கூடுகிறது. நாளைக்கு நயினார் வீட்டுக்கு அட்டை போட்டால் இதே குறிப்பைப் போடாதே. அவர்கள் அருகருக்கு 46, சாதுக்களுக்கு 28 என்று எண்ணுவார்கள், மொத்தம் 143 வரும்.

கடைசியாக, எப்போது சொல்வது என்ற பகுதி. தூங்கப் போகும்போது ஏழு முறை, எழுந்ததும் எட்டு முறை என்று போட்டிருக்கிறாய், வழக்கம் அதுதான். ஏழு அச்சம் விலக ஏழு, எட்டு வினை தீர எட்டு என்பார்கள். 'குளித்த பிறகே சொல்லவும்' என்று நீ சேர்த்ததை எடுத்துவிடு. கோயில் பூஜைக்குத்தான் குளியல். தூய்மையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், நல்ல நிலையிலோ கெட்ட நிலையிலோ இதை நினைக்கலாம் என்று பூஜைப் பாட்டிலேயே இருக்கிறது. தீட்டு நாளில் வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் சொல்வார்கள். குளியல் பற்றிய அந்தக் குறிப்பு இருந்தால் நோயாளியும் படுக்கையில் கிடக்கும் பாட்டியும் சொல்லக்கூடாதோ என்று தயங்குவார்கள். அவர்களுக்குத்தான் இது முக்கியம். உயிர் பிரியும் நேரத்தில் சுற்றி நிற்பவர்கள் அழுகையை அடக்கிக்கொண்டு காதருகே நிதானமாக ஐந்து வரியைச் சொல்வார்கள். அவர் தன்னால் சொல்ல முடியாவிட்டாலும் கேட்டுக்கொண்டே போகட்டும் என்று.

அப்புறம் 'காலை 7 மணிக்கு நவகார்சி' என்று இருக்கிறதே, அது பெரிய தவறு. நவகார்சி என்பது சூரியன் உதித்து 48 நிமிடம் வரை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்ற விரதம். நம் கணக்கில் இரண்டு நாழிகை. நேரம் ஆனதும் கையை மூடி முட்டியாக வைத்துக்கொண்டு மந்திரத்தை மூன்று முறை சொல்லி விரதத்தை முடிப்பார்கள். இந்தத் தை மாதத்தில் சென்னையில் உதயம் ஏறக்குறைய 6.35, 48 கூட்டினால் 7.23. உன் அட்டையை நம்பி ஏழு மணிக்குப் பால் குடித்த பிள்ளைக்கு விரதம் போச்சு. வைகாசியில் உதயம் 5.45 பக்கம் வந்துவிடும், அப்போது 6.33க்கே முடிக்கலாம், ஏழு மணி வரை பசியோடு உட்கார வேண்டியதில்லை. ஆகவே மணியே போடாதே. 'அன்றைய உதயத்தோடு 48 நிமிடம்' என்று மட்டும் போடு. நாள்காட்டி அடிக்கிற ஊர்க்காரன் நீ, உதய நேரம் எங்கே பார்ப்பது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

திருத்திய புரூப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் தாளிலேயே அனுப்பு. 'ன', 'ண' வித்தியாசம் படத்தில் சரியாகத் தெரிவதில்லை. அட்டை கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும், மேலே தொங்கவிட ஓட்டை போடு. தரையில் கிடந்து கால் படக்கூடாது.

அம்மாவுக்கு என் வணக்கம். பொங்கலுக்கு அனுப்பிய பனங்கற்கண்டு தீர்ந்தே போய்விட்டது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி